இடப்பக்கம் ஒட்டிய 45

எக்செல் திரையிலிருந்து வெட்டியெடுத்த ஒரு சின்னப் படம். கீழே ஒரு ஃபார்முலா. ‘இது என்ன விடை தரும்?’ என்ற கேள்வி. நான்கு விடைகள், ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வங்கித் தேர்வுகளின் கணினிப் பகுதிக்குத் தயாராகிறவர்களுக்கும், இலங்கையில் சாதாரண தரத்துக்குத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிக்கிறவர்களுக்கும், கணக்கர் வேலைக்கு நேர்முகம் போகிறவர்களுக்கும் இந்த வகைக் கேள்வி பழக்கமானது. கூட்டல், சராசரி, எண்ணிக்கை என்று பார்க்க எளிமையாகத்தான் இருக்கும். ஆனால் கணக்கில் புலியானவர்களும் இதில் தவறுகிறார்கள். கணக்கு தெரியாததால் அல்ல, படத்தைச் சரியாகப் படிக்காததால்.

ஒரு கேள்வியையே எடுத்துக்கொள்வோம். ஆறு மாணவர்களின் மதிப்பெண் பட்டியல். A நெடுவரிசையில் பதிவெண், B நெடுவரிசையில் மதிப்பெண்.

```
        A        B
 1 |    101 |     72 |
 2 |    102 | 45     |
 3 |    103 | AB     |
 4 |    104 |        |
 5 |    105 |      0 |
 6 |    106 |     60 |
```

AB என்பது தேர்வுக்கு வரவில்லை என்பதற்கான வழக்கமான குறி. நான்காவது மாணவரின் கட்டம் காலியாக இருக்கிறது. ஐந்தாமவர் எழுதிப் பூஜ்யம் வாங்கியிருக்கிறார். கேள்வி இதுதான்:

```
=AVERAGE(B1:B6)
```

கொடுக்கப்பட்ட விடைகள் 29.5, 35.4, 44.25, 44. படித்துக்கொண்டே போகாமல் ஒரு நிமிடம் நின்று நீங்களே ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு வாருங்கள்.

பெரும்பாலானவர்கள் 72, 45, 0, 60 நான்கையும் கூட்டி 177 என்று வைத்துக்கொள்வார்கள். அதற்குப் பிறகு எதால் வகுப்பது என்பதில்தான் குழப்பம். ஆறு பேர் என்பதால் ஆறால் வகுத்தால் 29.5. காலிக் கட்டத்தை விட்டுவிட்டு ஐந்தால் வகுத்தால் 35.4. AB-யையும் விட்டு நான்கால் வகுத்தால் 44.25. விடைகளை அமைத்தவர் இந்த மூன்று சிந்தனைகளையும் முன்கூட்டியே எதிர்பார்த்து ஒவ்வொன்றுக்கும் ஒரு விடை வைத்திருக்கிறார். சரியான விடை 44. அதாவது, எக்செல் கூட்டியது 177-ஐ அல்ல, 132-ஐ. வகுத்தது மூன்றால்.

அந்த 45 எங்கே போனது? படத்தை மறுபடி பாருங்கள். 72, 0, 60 மூன்றும் கட்டத்தின் வலது ஓரத்தில் ஒட்டி நிற்கின்றன. 45 மட்டும் AB-யைப் போல இடது ஓரத்தில் இருக்கிறது. நாமாக மாற்றாதவரை எக்செல் எண்ணை வலப்பக்கமும் எழுத்தை இடப்பக்கமும்தான் நிறுத்தும். உண்மை, பொய் என்ற TRUE, FALSE மதிப்புகளையும் #N/A போன்ற பிழைச் செய்திகளையும் நடுவில் நிறுத்தும். ஆக, இடப்பக்கம் நிற்கும் 45 ஒரு எண் அல்ல. ‘4’ என்ற எழுத்தும் ‘5’ என்ற எழுத்தும் அடுத்தடுத்து நிற்கின்றன, அவ்வளவுதான். நம் கண்ணுக்கு அது நாற்பத்தைந்து. AVERAGE-க்கு அது AB-யைப் போன்ற இன்னொரு சொல்.

இப்படி ஒரு எழுத்து-45 எப்படி உள்ளே வருகிறது என்று கேட்கலாம். யாராவது ஒற்றை மேற்கோள் குறி போட்டு `'45` என்று தட்டியிருக்கலாம். அந்தக் குறி கட்டத்தில் தெரியாது. கட்டத்துக்கு முன்பே டெக்ஸ்ட் என்று வடிவம் கொடுத்திருக்கலாம். வேறொரு மென்பொருளிலிருந்தோ இணையப் பக்கத்திலிருந்தோ எடுத்து ஒட்டியிருக்கலாம். அலுவலகங்களில் நடப்பது பெரும்பாலும் இந்தக் கடைசி வகைதான். எக்செல் இதைக் கவனித்தால் கட்டத்தின் இடது மேல் மூலையில் ஒரு சின்னப் பச்சை முக்கோணம் போடும். கேள்விப் படம் கறுப்பு வெள்ளையில் அச்சாகி, சுருங்கி வரும்போது அந்த முக்கோணம் காணாமல் போய்விடுகிறது. எஞ்சியிருக்கும் தடயம் இடம் வலம் மட்டும்தான்.

இந்தப் பிரிவினை எக்செல் கண்டுபிடித்ததல்ல. டான் பிரிக்ளினும் பாப் ஃபிராங்க்ஸ்டனும் 1979-இல் ஆப்பிள் II கணினிக்காக வெளியிட்ட விசிகால்க்கிலேயே ஒரு கட்டத்தில் இருப்பது பெயரா, மதிப்பா என்ற பாகுபாடு இருந்தது. தட்டும் முதல் எழுத்தைப் பார்த்து அந்த மென்பொருள் அதை முடிவு செய்துகொள்ளும். 1983-இல் வந்த லோட்டஸ் 1-2-3 அந்த ஒற்றை மேற்கோள் குறியை ‘இது எழுத்து, இடப்பக்கம் நிறுத்து’ என்பதற்கான முன்குறியாக வைத்திருந்தது. இன்று நாம் `'45` என்று தட்டுவது அந்தப் பழக்கத்தின் எச்சம்தான்.

இப்போது அதே படத்தை வைத்துக்கொண்டு மற்ற ஃபார்முலாக்களைப் பார்ப்போம். வரிசையாகத் தட்டினால் எக்செல் தரும் விடைகள் இவை:

```
=SUM(B1:B6)       132
=COUNT(B1:B6)     3
=COUNTA(B1:B6)    5
=MIN(B1:B6)       0
=AVERAGEA(B1:B6)  26.4
```

SUM-உம் COUNT-உம் எண்களை மட்டுமே பார்க்கின்றன. 72, 0, 60 ஆகிய மூன்றுக்கு மேல் அவற்றுக்கு அந்த வரிசையில் எதுவுமே இல்லை. COUNTA-வுக்கு எண்ணா எழுத்தா என்ற கவலை இல்லை. கட்டம் காலியாக இல்லாவிட்டால் போதும், எண்ணிவிடும். அதனால் நான்காவது கட்டம் தவிர ஐந்து. AVERAGEA எழுத்தைப் பூஜ்யமாக எடுத்துக்கொண்டு அதையும் ஆளாகச் சேர்க்கும். 132-ஐ ஐந்தால் வகுத்து 26.4 என்று சொல்லும். அதன் கணக்கில் அந்த 45-உம் பூஜ்யம்தான்.

காலிக் கட்டத்துக்கும் பூஜ்யத்துக்கும் உள்ள வித்தியாசத்தில் இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். பூஜ்யம் வாங்கிய 105 சராசரியைக் கீழே இழுக்கிறார். மதிப்பெண் ஏற்றப்படாத 104 எதையும் செய்வதில்லை. நியாயப்படி இதுதான் சரி. விடைத்தாள் இன்னும் திருத்தப்படாத மாணவருக்காக வகுப்பின் சராசரி குறையக் கூடாது அல்லவா? ஆனால் பட்டியல் போடுகிற பலர் காலியாக இருப்பது அழகில்லை என்று எல்லாக் காலிக் கட்டங்களிலும் 0 போட்டு நிரப்பிவிடுகிறார்கள். கூட்டுத்தொகை மாறாது. சராசரி மட்டும் சத்தமில்லாமல் இறங்கிவிடும். நம் படத்தில் B4-இல் 0 போட்டால் 44 என்பது 33 ஆகிவிடும்.

இதுவரை வந்ததை மனதில் வைத்துக்கொண்டு அடுத்த கேள்வியைப் பாருங்கள். இரண்டு ஃபார்முலாக்கள். பள்ளிக் கணக்கின்படி இரண்டுக்கும் ஒரே பொருள்.

```
=SUM(B1:B2)
=B1+B2
```

முதலாவது 72 தருகிறது. இரண்டாவது 117.

எழுத்து-45-ஐ SUM ஒதுக்கிவிட்டது, ஆனால் கூட்டல் குறி அதை எண்ணாக மாற்றிக் கூட்டிவிட்டது. காரணம், இரண்டின் வேலையும் வேறு. SUM-க்கு நாம் கொடுப்பது ஒரு வட்டாரம். அதில் தலைப்பு இருக்கலாம், குறிப்பு இருக்கலாம், காலி இருக்கலாம். அவற்றைத் தாண்டிப் போகும்படிதான் அது எழுதப்பட்டிருக்கிறது. கூட்டல் குறிக்கு அந்தச் சலுகை கிடையாது. இருபுறமும் இருப்பதை அது கூட்டியே ஆக வேண்டும். எழுத்து வந்தால் எண்ணாக மாற்ற முயன்று பார்க்கும். ‘45’ மாறும். ‘AB’ மாறாது, அதனால் `=B1+B3` என்று தட்டினால் #VALUE! என்ற பிழை வரும். காலிக் கட்டத்தைப் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும், `=B1+B4` என்றால் 72.

கேள்வி எழுதுகிறவர்களுக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும். அதில் தவறில்லை. ஒரே பட்டியலுக்கு SUM போட்டவருக்கு ஒரு தொகையும், கூட்டல் குறி போட்டவருக்கு இன்னொரு தொகையும் வந்து இரண்டு பேரும் தாங்களே சரி என்று சண்டை போடுவதை எந்த அலுவலகத்திலும் பார்க்கலாம்.

படத்திலேயே மிகவும் விபரீதமான கேள்வி இனிமேல்தான் வருகிறது. தேர்ச்சி மதிப்பெண் 35 என்று வைத்துக்கொண்டு C நெடுவரிசையில் இப்படி எழுதிக் கீழே இழுத்துவிடுகிறார்கள்:

```
=IF(B1>=35,"P","F")
```

P என்றால் தேர்ச்சி, F என்றால் தோல்வி. மூன்றாவது வரியில், அதாவது தேர்வுக்கே வராத 103-க்கு என்ன வரும்?

#VALUE! என்று பலர் சொல்வார்கள். ‘AB-யை 35-உடன் எப்படி ஒப்பிட முடியும்?’ என்பது அவர்கள் வாதம். F என்று சிலர் சொல்வார்கள். எக்செல் சொல்வது P. தேர்வுக்கு வராதவர் தேர்ச்சி.

ஒப்பிடும் குறிகளுக்கு எக்செல்லில் ஒரு தரவரிசை உண்டு. எண்கள் எல்லாம் கீழே. எழுத்துகள் எல்லாம் அவற்றுக்கு மேலே. FALSE, TRUE இரண்டும் அதற்கும் மேலே. எந்த எண்ணை எடுத்தாலும் எந்த எழுத்தும் அதைவிடப் பெரியது. பட்டியலை ஏறுவரிசையில் அடுக்கும்போது எண்கள் முதலிலும் சொற்கள் பிறகும் வருவதைப் பார்த்திருப்பீர்கள். அதே வரிசைதான் இங்கேயும் வேலை செய்கிறது. AB என்பது 35-ஐவிடப் பெரியது. ஒரு கோடியைவிடவும் பெரியது. கூட்டல் குறி எழுத்தை எண்ணாக மாற்ற முயல்கிறது என்றேன். ஒப்பிடும் குறி அதைக்கூடச் செய்வதில்லை. ஆகவே இரண்டாவது வரியிலும் P வருகிறது. ஆனால் 45 என்பது 35-ஐவிடப் பெரியது என்பதால் அல்ல. அங்கே எழுத்தாக ‘12’ இருந்திருந்தாலும் P-தான் வந்திருக்கும்.

காலியாக இருக்கும் B4-ஐ ஒப்பீடு பூஜ்யமாக எடுத்துக்கொள்கிறது. அதனால் 104-க்கு F. மதிப்பெண் ஏற்றப்படாதவர் தோல்வி, வராதவர் தேர்ச்சி. ஆறு வரிகளுக்கும் விடை P, P, P, F, F, P. தேர்ச்சி பெற்றவர்கள் நான்கு பேர்.

தேர்ச்சி எண்ணிக்கையை இன்னொருவர் வேறு வழியில் எடுக்கிறார்:

```
=COUNTIF(B1:B6,">=35")
```

இது 2 என்கிறது. COUNTIF-இல் ‘35-க்கு மேல்’ என்று கேட்டால் அது உண்மையான எண்களுக்குள் மட்டும்தான் தேடும். 72, 60 இரண்டைத் தவிர மற்றவை அதன் கண்ணில் படாது. ஆக, ஒரே பட்டியல், ஒரே விதி, ஒரு ஃபார்முலாவில் நான்கு பேர் தேர்ச்சி, இன்னொன்றில் இரண்டு பேர். கையில் விடைத்தாளை வைத்துக்கொண்டு எண்ணினால் மூன்று பேர். 72, 45, 60 வாங்கியவர்கள்தானே! இரண்டு ஃபார்முலாக்களும் தப்பு. (இதே COUNTIF-இடம் `=COUNTIF(B1:B6,45)` என்று சமமாக இருப்பதைக் கேட்டால் எழுத்து-45-ஐயும் எண்ணி 1 என்கிறது. ஒரே ஆள் இரண்டு குணம். இதை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டியதுதான், காரணம் தேடிப் பயனில்லை.)

சரி செய்ய முதலில் தோன்றுவது ISNUMBER. எண்ணாக இருந்தால் மட்டும் ஒப்பிடு, இல்லாவிட்டால் AB என்று போடு:

```
=IF(ISNUMBER(B1),IF(B1>=35,"P","F"),"AB")
```

103-க்கு இது நன்றாக வேலை செய்யும். ஆனால் தேர்வெழுதி 45 வாங்கிய 102-ஐயும் வராதவர் ஆக்கிவிடும். 104-இன் காலிக் கட்டமும் AB ஆகிவிடும். ஆகவே ஃபார்முலாவைச் சிக்கலாக்குவதைவிடத் தரவைத் திருத்துவதே மேல். அந்த நெடுவரிசையைத் தேர்வு செய்து, டேட்டா பட்டியலில் உள்ள டெக்ஸ்ட் டு காலம்ஸ் என்பதைத் திறந்து நேராக ஃபினிஷ் கொடுத்தால் எழுத்தாக இருக்கும் எண்கள் பெரும்பாலும் எண்ணாக மாறி வலப்பக்கம் போய் நிற்கும். AB எழுத்தாகவே இருக்கும். அப்படியும் நகராமல் ஒரு எண் இடப்பக்கமே நின்றால் இணையப் பக்கத்திலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த கண்ணுக்குத் தெரியாத இடைவெளி எழுத்து ஒன்று அதனோடு இருக்கக்கூடும். `=LEN(B2)` என்று கேட்டால் 2 என்பதற்குப் பதில் 3 என்று வரும்.

தேதிகளுக்கும் இதே இட வலத் தடயம் உதவும். எக்செல்லுக்குத் தேதி என்பது எண்தான், 1900-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியை 1 என்று வைத்து எண்ணிக்கொண்டே வருவது. 1947 ஆகஸ்ட் 15 அதன் கணக்கில் 17394. ஆனால் நாம் தமிழில் எழுதிப் பழகியபடி 15.08.1947 என்று புள்ளி வைத்துத் தட்டினால், நம் பக்கத்துக் கணினிகள் பெரும்பாலானவற்றில் அது தேதியாக ஏறாமல் எழுத்தாக இடப்பக்கம் போய் ஒட்டிக்கொள்ளும். அமெரிக்க அமைப்பில் இருக்கும் கணினியில் இன்னும் வேடிக்கை. நாள் முதலில் வரும்படி தட்டிய தேதிகளில் 12-க்கு மேற்பட்ட நாள்கள் எல்லாம் எழுத்தாகி இடப்பக்கம் நிற்கும். 12 வரை உள்ளவை மட்டும் வலப்பக்கம் நிற்கும், நாளும் மாதமும் இடம் மாறி. படத்தில் ஒரே நெடுவரிசையில் தேதிகள் இரு பக்கமும் சிதறிக் கிடந்தால் அங்கே COUNT பற்றி ஒரு கேள்வி காத்திருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்து VLOOKUP. கட்டப் படக் கேள்விகளில் இது இல்லாத தாள் அபூர்வம். மதிப்பெண்ணுக்கு ஏற்ப கிரேடு தரும் ஒரு சிறு அட்டவணை:

```
        D        E
 1 |      0 | F      |
 2 |     35 | C      |
 3 |     60 | B      |
 4 |     75 | A      |
```

72 வாங்கியவரின் கிரேடைக் கேட்கிறார்கள்.

```
=VLOOKUP(72,D1:E4,2)
=VLOOKUP(72,D1:E4,2,FALSE)
```

72 என்ற எண் அட்டவணையில் இல்லை. முதல் ஃபார்முலா B தரும். இரண்டாவது #N/A தரும். VLOOKUP-இன் நான்காவது இடத்தில் FALSE என்று சொன்னால் ‘அச்சு அசலாக இருந்தால் மட்டும் கொடு’ என்று பொருள். எதுவும் சொல்லாமல் விட்டாலோ TRUE என்று சொன்னாலோ, ‘தேடும் எண்ணைத் தாண்டாத எண்களில் மிகப் பெரியதைக் கொடு’ என்று எடுத்துக்கொள்ளும். 72-ஐத் தாண்டாதவை 0, 35, 60. அவற்றில் பெரியது 60. அதன் பக்கத்தில் இருப்பது B. ‘மிக அருகில் இருப்பது’ என்று பலர் தவறாகப் படிக்கிறார்கள். அருகில் இருப்பது 75, அதற்கு A. அந்த A-யும் விடைப் பட்டியலில் தவறாமல் இருக்கும்.

இதுவரை நேர்மையான கேள்வி. இப்போது அட்டவணையைத் தலைகீழாக்குகிறார்கள். நம்மில் பலரும் கிரேடு அட்டவணையை மேலிருந்து கீழாகத்தானே எழுதுவோம்?

```
        D        E
 1 |     75 | A      |
 2 |     60 | B      |
 3 |     35 | C      |
 4 |      0 | F      |
```

அதே முதல் ஃபார்முலா, FALSE இல்லாமல். விடை B-யாகவே இருக்க வேண்டும் என்று தோன்றும். வருவது F.

VLOOKUP இந்த வகைத் தேடலில் மேலிருந்து கீழாக ஒவ்வொரு வரியாகப் பார்ப்பதில்லை. அகராதியில் சொல் தேடுகிறவர் நடுவில் பிரித்து, சொல் முன்னால் இருக்குமா பின்னால் இருக்குமா என்று பார்த்துப் பாதியை ஒதுக்குவது போல, இதுவும் பாதி பாதியாக ஒதுக்குகிறது. அட்டவணை ஏறுவரிசையில் இருக்கிறது என்று அது நம்பிவிடுகிறது, சரிபார்ப்பதில்லை. நான்கு வரிகளின் நடுப்பகுதிக்குப் போகிறது. அங்கே 60 இருக்கிறது. 72-ஐவிடச் சிறியது, ஆகவே நமக்கு வேண்டியது இதுவோ இதற்குக் கீழே இருப்பதோதான் என்று முடிவு செய்து மேல் பாதியை மறந்துவிடுகிறது. கீழே 35. அதுவும் சிறியது. இன்னும் கீழே போகிறது. அங்கே 0. அதுவும் சிறியது, அதற்குக் கீழே வரி இல்லை. கடைசியாக நின்ற இடத்தின் கிரேடு F. பிழைச் செய்தி எதுவும் கிடையாது. நன்றாக எழுதிய மாணவருக்கு அமைதியாகத் தோல்வியைக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறது. இதே அட்டவணையில் 20 வாங்கியவரைத் தேடினால் #N/A வரும். நடுவில் பார்ப்பது 20-ஐவிடப் பெரியது, மேலே போகிறது, மேலேயும் பெரியதுதான், ஒதுங்க இடமில்லை. தோல்வி அடைந்தவருக்குப் பிழைச் செய்தி, 72 வாங்கியவருக்கு F!

இப்படிக் கலைந்த அட்டவணையைக் கொடுத்து ‘என்ன விடை?’ என்று தேர்வில் கேட்பது சரியல்ல என்பது என் கருத்து. ஏறுவரிசையில் இல்லாவிட்டால் விடைக்கு உத்தரவாதமில்லை என்றுதான் மைக்ரோசாஃப்ட்டின் விளக்கம் சொல்கிறது. உத்தரவாதம் இல்லாத ஒன்றுக்கு ஒரே சரியான விடை இருப்பதாக மதிப்பெண் போடக் கூடாது. ‘இந்த அட்டவணையில் என்ன தவறு?’ என்று கேட்டால் அது நல்ல கேள்வி.

கேள்வி எழுதுகிறவர்களைப் பற்றிப் பேச்சு வந்ததால் படத்தின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். படம் காட்டுவது கட்டத்தின் முகத்தை மட்டும். உள்ளே இருப்பது வேறாக இருக்கலாம். மூன்று கட்டங்களில் `=100/3` என்று எழுதி, தசமம் வேண்டாம் என்று வடிவம் கொடுத்தால் படத்தில் 33, 33, 33 என்று தெரியும். அவற்றின் SUM-ஐ எடுத்தால் 100. படத்தைப் பார்த்துக் கூட்டியவர் 99 எழுதியிருப்பார். அவர் மேல் என்ன தவறு? கட்டத்துக்குள் இருப்பதைக் காட்டும் ஒரே இடம் மேலே உள்ள ஃபார்முலா பட்டை. அதைப் படத்தில் சேர்த்திருந்தால் மட்டுமே இந்தக் கேள்வி கேட்க உரிமை உண்டு. பட்டை படத்தில் இருந்தால் அதன் இடப்பக்கத்துச் சின்னப் பெட்டியை முதலில் பாருங்கள். எந்தக் கட்டத்தின் உள்ளடக்கம் பட்டையில் தெரிகிறது என்பதை அதுதான் சொல்லும்.

காலியாகத் தெரியும் கட்டமும் அப்படித்தான். நம் B4-இல் ஏதோ ஒரு ஃபார்முலா இருந்து, அது `""` என்ற வெற்று எழுத்தைத் திருப்பித் தந்திருந்தால் படத்தில் எந்த வித்தியாசமும் தெரியாது. ஆனால் COUNTA 5-க்குப் பதில் 6 என்னும். `=B1+B4` பூஜ்யமாக எடுத்துக்கொள்ளாமல் #VALUE! என்னும். எழுத்து எந்த எண்ணைவிடவும் பெரியது என்ற அதே விதிப்படி 104-உம் தேர்ச்சி பெற்றுவிடுவார்.

இதைவிட எளிதாகக் கேள்வியைக் கெடுக்கும் வழி ஒன்று உண்டு. அழகுக்காக எல்லாக் கட்டங்களையும் நடுவில் நிறுத்திவிடுவது. நம் முதல் படத்தில் எல்லா மதிப்பெண்களும் நடுவில் நின்றிருந்தால் 44-க்கும் 44.25-க்கும் இடையில் தேர்ந்தெடுக்க யாராலும் முடியாது. அங்கே படிக்கிறவர் 45-ஐ எண்ணாக எடுத்துக்கொள்வதுதான் நியாயம். கேள்வித்தாளை அச்சுக்கு அனுப்புகிறவர்கள் படத்துக்குப் பதில் வேர்டில் ஒரு அட்டவணை வரைந்து எண்களை நடுவில் வைத்துவிடுவதும் நடக்கிறது. எழுதியவர் வைத்த தடயத்தை அச்சுக்கோத்தவர் அழித்துவிடுகிறார்.

யாரும் அழிக்காமல் விட்டுவைக்கும் தடயம் ஒன்று ஓரத்தில் இருக்கிறது. வரிசை எண்கள். 1, 2, 3 என்று வந்து அடுத்து 6 என்று தாவினால் நடுவில் இரண்டு வரிகள் மறைந்திருக்கின்றன. SUM மறைந்தவற்றையும் சேர்த்துக் கூட்டிவிடும். அந்த நிலையில் படத்தை மட்டும் வைத்து SUM-இன் விடையைச் சொல்ல முடியாது, ‘சொல்ல இயலாது’ என்ற தேர்வு இருந்தால் அதுதான் விடை. `=SUBTOTAL(109,B1:B6)` என்று கேட்டிருந்தால் மட்டும் துணிந்து கண்ணுக்குத் தெரிவதைக் கூட்டலாம், கையால் மறைத்த வரிகளையும் வடிகட்டி மறைத்தவற்றையும் அது விட்டுவிடும். 109-க்குப் பதில் 9 என்று இருந்தால், வடிகட்டி மறைத்தவை போகும், கையால் மறைத்தவை சேரும். எந்த வழியில் மறைத்தார்கள் என்பதற்கும் படத்தில் ஒரு குறிப்பு கிடைக்கும். வடிகட்டியிருந்தால் எஞ்சிய வரிசை எண்கள் நீல நிறமாகிவிடும், கறுப்பு வெள்ளைத் தாளில் அதுவும் போச்சு.